சேர்ந்து சிரித்தவர்

அவரை எல்லோரும் சிரிப்பு மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தினார். பள்ளி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மருந்துக்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவே கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேசைக்குப் பின்னால் அவர் மனைவி, வாசலில் எல் போர்டு மாட்டிய வெள்ளைக் கார் ஒன்று. அந்தக் காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக்கும் ஒரு கிளச்சும் உண்டு. கற்றுக்கொள்பவர் தடுமாறினால் மாஸ்டரின் கால் அந்த பிரேக்கைத் தானாகத் தேடிப் போகும். இத்தனை வருடத்தில் ஒரு கீறல்கூட யாருக்கும் விழுந்ததில்லை.

கால் எவ்வளவு ஜாக்கிரதையோ வாய் அவ்வளவு தாராளம். ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்கு ஆள் காத்திருக்கும்போது, கையில் டீயோடு நடுவில் நின்றுகொண்டு கதை ஆரம்பித்துவிடுவார். கண்ணாடியைப் பாருங்கள் என்றதும் சீப்பை எடுத்துத் தலை வாரிய மாப்பிள்ளை. விளக்குக் கம்பத்தில் லேசாக இடித்துவிட்டு இறங்கிப்போய் அந்தக் கம்பத்திடமே மன்னிப்புக் கேட்ட வாத்தியார். யார் பெயரையும் சொல்ல மாட்டார். பயந்துகொண்டு வந்து உட்காருபவர்கள் அதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கொஞ்சம் தெம்பாகிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. அது முழுப் பொய்யும் இல்லை. “நம்ம ஸ்கூலுக்கு விளம்பரமே என் வாய்தான்” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அந்தப் பெருமைக்கு ஒருநாள் காலையில் அடி விழுந்தது.

மேப்பில் அவர் பள்ளியின் பெயரைத் தட்டினால் படமும் நம்பரும் வரும், கீழே படித்தவர்கள் போட்ட நட்சத்திரங்கள் வரும். பெரும்பாலும் ஐந்து ஐந்தாக இருக்கும். அன்று காலை ஒரே மூச்சில் மூன்று பேர் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார்கள். ‘மோசமான சேவை’ என்று ஒருவர். ‘யாரும் போகாதீர்கள், ஏமாற்று’ என்று இன்னொருவர். மூன்றாமவர் அதையும் எழுதவில்லை. நட்சத்திரம் மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தார். மாஸ்டர் பெயர்களைப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. மனைவி வருகைப் பதிவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி யாரும் வந்ததில்லை என்றாள்.

கொஞ்ச நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து செய்தி வந்தது. உங்கள் பக்கத்தின் மதிப்பெண் இறங்குவதைப் பார்த்தீர்களா, எங்களால் சரிசெய்ய முடியும், பணம் அனுப்பினால் இவை போய்விடும், இல்லாவிட்டால் இன்னும் வரும் என்று மரியாதையான பாஷையில் எழுதியிருந்தது. மாஸ்டருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இருபது வருடம் கட்டின பெயரை ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு கட்டைவிரலால் நசுக்கப் பார்க்கிறானே என்று பொருமினார்.

மகளைக் கூப்பிட்டார். அவள் ஒரு பெரிய ஹோட்டலில் விருந்தினர் குறைகளைக் கவனிக்கும் பிரிவில் இருந்தாள். ஏசி ஓடவில்லை, தலையணை கல்லாய் இருக்கிறது என்று ஊர் உலகமெல்லாம் எழுதுவதற்குப் பதில் போடுவது அவள் வேலை. பதறாமல் கேட்டுக்கொண்டாள். அந்த நம்பருக்கு ஒரு எழுத்துகூடப் பதில் போட வேண்டாம், பணம் கொடுப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம், ஒருமுறை கொடுத்தால் திரும்பத் திரும்பக் கேட்பான் என்றாள். செய்தியையும் மூன்று ரிவ்யூவையும் நம்பரும் தேதியும் தெரியும்படி படம் பிடித்து வைக்கச் சொன்னாள். இந்த மாதிரி மிரட்டலைச் சொல்வதற்கென்றே மேப் நிறுவனத்தில் தனிப் புகார் வழி இருக்கிறது, சாயங்காலம் வந்து நானே போடுகிறேன் என்றாள். கடைசியாக, அவளுக்குத் தன் அப்பாவைத் தெரியும் அல்லவா, இதையும் சொன்னாள்: “நான் வர்ற வரைக்கும் பொதுவுல எதுவும் எழுதிடாதீங்கப்பா.”

சரி என்றார். மத்தியானம் வரை சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்.

மத்தியானம் ஒரு வகுப்பு முடிந்து அடுத்தவர் வருவதற்குள் காரில் உட்கார்ந்தபடி போனைத் திறந்தார். நாலாவது ரிவ்யூ வந்திருந்தது. அதுவும் ஒற்றை நட்சத்திரம். எழுதியவர் பெயர் ‘மாடிச்செடி’ என்று இருந்தது. அது ஒரு பெயரா? வெயிலில் கண் கூசியது. படிக்கும் கண்ணாடியை மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். போனைத் தள்ளிப் பிடித்து வேகமாக ஓட்டிப் பார்த்ததில், அழுதது, வேடிக்கை, சிரிப்பு என்று சில சொற்கள் கண்ணில் பட்டன. அந்த நொடியில் உள்ளே முள் மாதிரி ஏதோ ஒன்று குத்தத்தான் செய்தது. அது என்னவென்று அவர் நின்று பார்த்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் அதற்குள் அந்தத் தெரியாத நம்பரிலிருந்து அடுத்த செய்தி வந்து விழுந்தது. ‘நாலு ஆகிவிட்டது. இன்னும் யோசிக்கிறீர்களா?’

அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது. இதுவும் அவன் வேலைதான். குத்திய முள் அப்படியே அமுங்கிப் போயிற்று. அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. மகள் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. ரிவ்யூவுக்கு அடியில் இருந்த பதில் பெட்டியில் மளமளவென்று தட்டினார்.

‘இந்தப் பெயரில் யாரும் எங்களிடம் படித்ததில்லை. இது பணம் பறிக்கும் கும்பலின் வேலை. கூலிக்கு எழுதும் நீங்கள் எங்கள் கார் கதவைக்கூடத் தொட்டதில்லை. போலீஸில் சொல்லி உங்களைக் கண்டுபிடித்தே தீருவோம்.’

அனுப்பியதும் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அதைப் படம் பிடித்துப் பழைய மாணவர்களின் குரூப்பிலும் போட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டீர்கள் மாஸ்டர் என்று வரிசையாக வந்தது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஐந்து நட்சத்திரம் போட்டுக் கணக்கைச் சரிக்கட்டுகிறோம் என்றார் ஒருவர். அடுத்த வகுப்பு முழுக்க மாஸ்டர் உற்சாகமாகவே இருந்தார்.

சாயங்காலம் மகள் வேலை முடிந்து நேராகப் பள்ளிக்கு வந்தாள். பை மேசையில் இறங்குவதற்கு முன்பே அப்பா போனை நீட்டினார், பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி. அவள் படித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இதை எழுதினவங்களுக்கு உடனே தகவல் போயிருக்கும்ப்பா. இப்ப அழிச்சாலும் அவங்க படிச்சது படிச்சதுதான்.”

“படிக்கட்டுமே. திருட்டுப் பயலுக்கு எழுதினதுதானே.”

“திருடன்னு தெரிஞ்சாலும் பொதுவுல சொல்லக்கூடாது. பதில் அவனுக்கு இல்ல. நாளைக்கு வண்டி கத்துக்கணும்னு தேடுறவங்க படிப்பாங்க பாருங்க, அவங்களுக்கு. அவங்க கண்ணுக்கு யார் உண்மை, யார் பொய்னு தெரியாது. யார் கத்துறாங்கன்னு மட்டும்தான் தெரியும்.”

குரூப்பில் ஐந்து நட்சத்திரம் போடக் கிளம்பியவர்களை முதலில் நிறுத்தச் சொன்னாள். ஒரே நாளில் கும்பலாக வந்தால் நம்முடையதும் போலியாகத்தான் தெரியும், எதிர்த்தரப்பு செய்வதையே நாமும் செய்கிற கதை அது என்றாள். மாஸ்டர் வேண்டா வெறுப்பாக ஒரு வரி போட்டார். பிறகு மகள் மூன்று ரிவ்யூக்களுக்கும் ஒரே தன்மையில், ஆனால் நகலெடுத்தது மாதிரி இல்லாமல், பதில் எழுதினாள். உங்கள் அனுபவம் இப்படி இருந்ததாகப் படித்ததில் வருத்தம், எங்கள் பதிவுகளில் உங்கள் வகுப்பைப் பொருத்திப் பார்க்க முடியவில்லை, எங்களிடம் பயின்றிருந்தால் தேதியோடு இந்த எண்ணில் சொல்லுங்கள், என்ன நடந்தது என்று பார்க்கிறோம். அவ்வளவுதான். போலி என்ற சொல் இல்லை. மிரட்டல் பற்றி மூச்சில்லை.

“இவ்வளவு பணிஞ்சு போகணுமா?” என்றார் மாஸ்டர்.

இது பணிந்து போவது இல்லை, ஒருவேளை நிஜமாக வந்தவராக இருந்தால் கதவைத் திறந்து வைப்பது என்றாள் மகள். ஹோட்டலில் ஆரம்ப நாட்களில் இப்படித்தான் ஒருவரைப் போலி என்று எல்லோரும் முடிவு கட்டினார்களாம். அவர் மனைவியின் பெயரில் அறை எடுத்திருந்தவர் என்று பிற்பாடு தெரிந்ததாம்.

அடுத்து மிரட்டல் புகார். மடிக்கணினியைத் திறந்து, பிடித்து வைத்த படங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். எந்தெந்த ரிவ்யூ என்று சுட்ட வேண்டிய இடம் வந்தது. முதல் மூன்றைத் திறந்து எழுதினவர்களின் பழைய பதிவுகளைக் காட்டினாள். மூன்று பேரும் அதே நாளில், வேறு வேறு ஊர்களில், ஒரு பல் டாக்டருக்கும் ஒரு பூக்கடைக்கும் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார்கள். ஒரே நாளில் ஊர் ஊராகப் பறந்து பல் பிடுங்கிப் பூ வாங்கிக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் என்று அவள் சொன்னதும் மாஸ்டர்கூடச் சிரித்தார். பிறகு நாலாவதைத் திறந்தாள்.

“இது கொஞ்சம் வேற மாதிரி இருக்கே” என்றாள். அந்த மாடிச்செடி பல நாளாக எழுதிவரும் கணக்கு. பக்கத்து நூலகத்தைப் பற்றி, விதைக் கடையைப் பற்றி, எல்லாம் நிதானமாக எழுதியிருந்தது. ஆனால் நாலாவதும் தன்னுடையதுதான் என்கிற மாதிரி அவனே செய்தி அனுப்பியிருக்கிறானே, கணக்கைத் திருடியும் எழுதுவார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ரிவ்யூவை வாய்விட்டுப் படித்தாள்.

‘சொல்லிக்கொடுப்பதில் குறை இல்லை. ஆனால் காருக்குள் நடப்பது காருக்குள் நிற்பதில்லை. ஒருவர் அழுதால், அது அடுத்த நாள் வேடிக்கைக் கதையாகிவிடுகிறது. என் கதையைக் காத்திருக்கும் அறையில் நானே உட்கார்ந்து கேட்டேன். அது நான்தான் என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்குப் பிறகு போகவில்லை.’

மாஸ்டர் எழுந்து கண்ணாடிக் கதவருகே போய் நின்றுகொண்டார். வெளியே சலவைக்கடைக்காரர் துணி மூட்டைகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்.

யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மகள் பாதி படிக்கும்போதே தெரிந்துவிட்டது. சொல்லப்போனால் மத்தியானமே தெரிந்திருந்தது, தெரியாத மாதிரி இருந்துவிட்டார்.

நடுத்தர வயது தாண்டிய அம்மா அவர். வாழ்நாளெல்லாம் கணவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்தே பழகியவர். கணவருக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வர, இனி ஆஸ்பத்திரிக்கு அவரை யார் கூட்டிப்போவது என்று கற்றுக்கொள்ள வந்தார். ஒருநாள் பெரிய ரவுண்டானாவுக்குள் நுழைந்தவரால் வெளியே வர முடியவில்லை. வழிவிடாமல் வண்டிகள் வர, சுற்றிக்கொண்டே இருந்தார். சுற்றச் சுற்ற அழ ஆரம்பித்துவிட்டார். ‘இதுலேர்ந்துகூட என்னால வெளிய வர முடியலையே’ என்று விம்மினார். மாஸ்டர் அன்று நல்லவராகத்தான் நடந்துகொண்டார். ஸ்டீயரிங்கில் ஒரு கை வைத்து மெதுவாக வெளியே கொண்டுவந்து, மர நிழலில் நிறுத்தி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்து, அழுது முடிகிற வரை பேசாமல் இருந்தார். அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் டீயும் கையுமாக அறை நடுவில் நின்று, ரவுண்டானாவைக் கோயில் மாதிரி பிரதட்சிணம் செய்த அம்மாவின் கதையைச் சொன்னார். அந்த அம்மாவின் குரலிலேயே விம்மிக் காட்டினார். அறையே அதிர்ந்தது. அந்த அம்மாவும் ஓரத்து நாற்காலியில் தன் முறைக்காக உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் அவரைப் பார்க்காமல் இல்லை. பார்த்துக் கண்ணடித்தார், நமக்குள் இருக்கட்டும் என்பதுபோல. அந்த அம்மாவும் சிரித்தார். ரசிக்கிறார் என்றுதான் மாஸ்டர் நினைத்தார். அன்றைய வகுப்பு முடிந்து போனவர் திரும்பி வரவில்லை. ஓட்டப் பயந்துவிட்டார் போலிருக்கிறது என்று அதையும் யாரிடமோ சொன்னார்.

அன்று வீட்டில் மனைவி சொன்னாள், அந்தம்மா கைப்பை வாரைத் திருகித் திருகி வைத்துக்கொண்டு சிரித்தார்கள், எனக்கு என்னவோ மாதிரி இருந்தது என்று. ‘நான் பேரா சொன்னேன்?’ என்று மாஸ்டர் அவள் வாயை அடைத்துவிட்டார்.

இப்போது அந்த மனைவி மேசைக்குப் பின்னால் சாவிக்கொத்தை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். மகள் படித்ததை அவளும் கேட்டாள். கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

மாஸ்டரின் புத்தி ஒரு நிமிடம் என்னென்னவோ கணக்குப் போட்டது. பேசாமல் இருந்தால் போதும். மகளுக்குச் சந்தேகம் வந்தும் அவளே விட்டுவிட்டாள். மிரட்டுகிறவனே அது தன் வேலை என்கிறான். இதைவிடச் சாட்சி வேறு எங்கே கிடைக்கும்? நாலும் சேர்ந்து புகாரில் போகும். அழிந்தாலும் அழியும். அழிந்தால் அந்த அம்மா கூலிக்கு எழுதியவர் என்பதும் உறுதியாகிவிடும். மாஸ்டர் எழுதிய பதில் சரி என்று ஆகிவிடும். ஒரு திருடன் வந்து இவருடைய அழுக்குக்குப் போர்வை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், அதை வாங்கிப் போர்த்திக்கொள்ளத் தன் கை நீளுகிறது. அதை நினைத்தபோது அவருக்கு முகம் எரிந்தது. இந்த மாதிரி வெட்கத்தை அவர் அதுவரை அறிந்ததில்லை. பிறர் முன்னால் வருகிற வெட்கத்தையாவது ஒரு ஜோக்கில் கழுவிவிடலாம்.

“நாலையும் சேர்த்துட்டேன். அனுப்பிடவா?” என்றாள் மகள்.

“நாலாவதை எடுத்துடு.”

“ஏன்ப்பா? அவனே தன்னோடதுன்னு சொல்றானே.”

“பொய் சொல்றான். எண்ணிக்கை ஏறினதைப் பாத்துட்டுச் சும்மா சேத்துக்கிட்டான்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

மாஸ்டர் கதவைப் பார்த்தபடியே சொன்னார். “அந்தம்மாவுக்குத் தண்ணி குடுத்ததும் நான்தான். மறுநாள் அவங்களை மாதிரி அழுது காட்டினதும் நான்தான்.”

மகள் திரையின் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அவள் நாலாவதை நீக்கிவிட்டு, மூன்றோடு புகாரை அனுப்பினாள். பிறகு அப்பா எழுதிய பதிலைத் திறந்து, அவர் கையிலேயே போனைக் கொடுத்தாள். அவரே அழித்தார். ‘கார் கதவைக்கூடத் தொட்டதில்லை’ என்ற வரி கண்ணில் பட்டது. அந்த அம்மா அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் முந்தானை மாட்டிக்கொள்ளாமல் ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொள்வது நினைவுக்கு வந்தது.

அடுத்து அவருக்குத் தோன்றியது, உடனே போன் செய்து காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்பது. நம்பர் பதிவில் இருக்கிறது. மகள் வேண்டாம் என்றாள். “அவங்க பேரு போடலப்பா. யாருன்னு தெரிய வேண்டாம்னு நினைச்சுத்தான் போடல. கண்டுபிடிப்போம்னு வேற நீங்க எழுதியிருக்கீங்க. இப்ப நம்ம கிட்டேர்ந்து போன் போனா அவங்களுக்கு எப்படி இருக்கும்?”

கண்டுபிடிப்போம் என்று எழுதினார்கள், கண்டுபிடித்துவிட்டார்கள் என்று இருக்கும். மாஸ்டர் போனைக் கீழே வைத்தார்.

புதிய பதிலை அன்றே எழுதவும் மகள் விடவில்லை. கோபத்தில் எழுதுவது எப்படித் தப்போ, வெட்கத்தில் எழுதுவதும் அப்படித்தான் என்றாள். காலையில் வகுப்பு தொடங்கும் முன் மாஸ்டர் ஒரு தாளில் எழுதி, படம் பிடித்து மகளுக்கு அனுப்பினார். நீளமாக இருந்தது. யாரையும் புண்படுத்தும் எண்ணம் இல்லை, பயத்தைப் போக்கத்தான் சொல்வது, பெயரைச் சொன்னதே இல்லை, ரவுண்டானாவில் அன்று நானும் உங்களோடு கலங்கினேன் என்றெல்லாம் இருந்தது. மகள் போனிலேயே ஒவ்வொன்றாக எடுத்தாள். எண்ணம் இல்லை என்பது உங்களுக்காக நீங்கள் பேசுவது. பெயர் சொல்லவில்லை என்பது வாதாடுவது. ரவுண்டானா என்று எழுதினால் அந்தக் கதையைக் கேட்ட அத்தனை பேருக்கும் அந்த அம்மா யார் என்று நீங்களே காட்டிக்கொடுத்த மாதிரி. மிரட்டல் வந்ததால் குழம்பிவிட்டோம் என்று ஒரு வரி இருந்தது, அதையும் எடுக்கச் சொன்னாள். அவனுக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். எடுக்க எடுக்க, மறைந்துகொள்ள அவருக்கு இடமே இல்லாமல் போயிற்று. கடைசியில் நின்றது இவ்வளவு:

‘வணக்கம். நேற்று இங்கே நான் எழுதிய பதில் தவறு. அதை எடுத்துவிட்டேன். உங்கள் மேல் பழி சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். வகுப்பில் நடப்பதை வெளியே கதையாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இருந்தது. அதுவும் தவறு. நிறுத்திவிட்டேன். ஏதாவது சொல்ல விரும்பினால் இந்த எண்ணில் என் மனைவியிடம் சொல்லலாம். சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை.’

குரூப்பிலும் எழுதினார், நேற்று நான் போட்டது தப்பு, அந்த ரிவ்யூ உண்மை, யார் என்று தயவுசெய்து யாரும் ஊகிக்க வேண்டாம் என்று. முந்தின நாள் வரிசையாகக் கைதட்டியவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வாரம் ஒன்று போயிற்று. அந்த நம்பரிலிருந்து இன்னும் இரண்டு செய்திகள் வந்தன. பதில் போகாததால் அதுவும் ஓய்ந்தது. போலிகளில் இரண்டு மேப்பிலிருந்து மறைந்தன. வெறும் நட்சத்திரம் மட்டும் போட்டது அப்படியே தங்கிவிட்டது. விதிமீறல் எதுவும் தெரியவில்லை என்று நிறுவனம் சொல்லிவிட்டதாம். மறுபரிசீலனை கேட்டும் பலனில்லை. இப்படியும் ஆகும், அடியில் நம் பதில் இருக்கிறது, போதும் என்றாள் மகள். மாஸ்டருக்கு அது பொருட்டாகவே இல்லை. தினமும் காலையில் போனைத் திறந்து நாலாவதைத்தான் பார்த்தார். அது அப்படியே இருந்தது. நட்சத்திரமும் ஒன்றுதான். அந்த அம்மாவிடமிருந்து மனைவிக்கு எந்த அழைப்பும் வரவில்லை.

அந்த நாட்களில் ஒருமுறை டயர் மாற்றக் கடைக்குப் போனார். டயர் கடைக்காரர் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டே, புதிதாக வந்திருந்த இன்னொரு வாடிக்கையாளரிடம், மாஸ்டர் கதை கேட்டிருக்கிறீர்களா என்று ஆரம்பித்தார். ரவுண்டானா அம்மாவின் கதை. மாஸ்டர் சொன்னதைவிட அது வளர்ந்திருந்தது. பெட்ரோல் தீரும் வரை சுற்றினார்களாம், கடைசியில் கணவர் வந்துதான் இறக்கினாராம். மாஸ்டர் செய்த விம்மலையும் கடைக்காரர் அப்படியே செய்தார். நன்றாகவே செய்தார்.

“அதைச் சொல்லாதீங்க” என்றார் மாஸ்டர்.

“என்ன மாஸ்டர், உங்க சரக்குதானே?”

“என் சரக்குதான். அதனாலதான் சொல்றேன். அப்படியெல்லாம் நடக்கல. தப்பா சொல்லிட்டேன்.”

கடைக்காரர் இதுவும் ஒரு ஜோக்கின் ஆரம்பம் என்று நினைத்து முடிவுக்காகச் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். முடிவு வராததும் அவர் முகம் மெல்லச் சுருங்கியது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த ஊர் வாய்க்குள் கொண்டுபோய்க் கதையை ஊட்டிவிட்டதே தன் கை. மேப்பில் எழுதியதை ஒரு தட்டில் அழிக்க முடிந்தது, இதை எந்தப் பொத்தானை அழுத்தி அழிப்பது? டயர் மாற்றி முடிகிற வரை மாஸ்டர் தெருவைப் பார்த்தபடி நின்றார்.

பள்ளியில் இப்போது இடைவேளையில் அறை அமைதியாக இருந்தது. மாஸ்டர் டீயை வெளியே நின்று குடித்தார். காத்திருப்பவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிரிப்பு மாஸ்டர் என்று கேள்விப்பட்டு வந்தோம், ஆள் உம்மென்று இருக்கிறாரே என்று ஒருவர் மேசையருகே முணுமுணுத்ததை மனைவி கேட்டாள். இவரிடம் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் வெளியே வந்து பக்கத்தில் நின்றுகொண்டு, “சீப்பு மாப்பிள்ளை கதையையாவது சொல்லலாங்க, அது அவரே சொல்லிட்டுத் திரியறாரு” என்றாள். மாஸ்டர் தலையசைத்தார். சொல்லத்தான் வரவில்லை. வாயைத் திறந்தாலே ஓரத்து நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கண் தேடியது.

மாத முடிவில் புதிதாக ஒரு பெண் சேர வந்தாள். வங்கியில் வேலை. மேசையில் பெயர் எழுதிக்கொண்டிருக்கும்போது, ஏற்கெனவே இரண்டு பள்ளிகளில் சேர்ந்து பாதியில் விட்டதாகச் சொன்னாள். பிறகு மாஸ்டரைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்.

“அந்த ரிவ்யூவுக்கு நீங்க எழுதின பதிலைப் படிச்சேன் சார். அதனாலதான் இங்க வந்தேன். எனக்குச் சட்டுனு அழுகை வந்துடும். தப்புன்னு ஒத்துக்கிட்டவர்கிட்ட அழுதா பரவாயில்லன்னு தோணுச்சு.”

மனைவியின் பேனா நின்றது. மாஸ்டருக்குக் காது மடல் சூடாயிற்று. அந்த அம்மா பட்டதை வைத்துத் தனக்கு ஒரு மாணவி கிடைத்திருக்கிறாள். நன்றி என்று சொல்வதா, அந்தப் பதிலில் பாதி என் மகள் வெட்டிச் செதுக்கியது என்று சொல்வதா, அதை எழுதும் முன் நான் எழுதியதைப் பார்த்திருந்தால் நீ வந்திருக்க மாட்டாய் என்று சொல்வதா? எதைச் சொன்னாலும் அது தன்னைப் பற்றிய இன்னொரு கதையாகிவிடும் போலிருந்தது.

“அந்தப் பதிலை எழுத வேண்டிய நிலைமை வந்திருக்கக் கூடாதும்மா” என்றார். “எழுதினதுக்காக என்னை நல்லவன்னு நினைச்சுக்காதீங்க. வண்டியை மட்டும் ஒழுங்கா சொல்லித்தர்றேன்.”

அந்தப் பெண் என்ன புரிந்துகொண்டாளோ, சரி என்று தலையசைத்தாள். மாஸ்டர் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். முதல் வகுப்பில் நாலு தரம் வண்டி அணைந்தது. நாலாவது தரம் அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. மாஸ்டர் ஜன்னல் வழியே கையை நீட்டி லாரியைச் சுற்றிப் போகச் சொன்னார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், நேரே சாலையைப் பார்த்தபடி, கிளச்சை முழுசாக மிதித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார்.